ஐம்பத்தெட்டின் இடத்தில் நாற்பத்தேழு

எனக்கு வாய் அதிகம். அதை ஒரு தகுதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் இயங்கும் சின்னத் தனியார் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். கீழே டயர் கடை. அங்கே காற்று அடிக்கும் சத்தத்தையும் மீறி மாணவர்களின் காதில் விழ வேண்டுமென்றால் குரல் உயர வேண்டும், சொல் கூர்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். அது பொய். டயர் கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நான் அப்படித்தான் பேசினேன்.

என் பாடம் டேட்டா ஸ்ட்ரக்சர். கணினிக்குள் தகவலை எப்படி அடுக்குவது, எப்படித் தேடுவது, வேண்டாததை எப்படி எடுப்பது என்பதுதான் விஷயம். டிப்ளோமாவில் பாதிப் பேர் இதில்தான் விழுவார்கள். விழுந்தவர்கள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்து ரசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை மதிய வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கிளினிக்கில் பதிவு மேசையில் உட்காரும் பெண்கள், கிடங்கில் வேலை செய்பவர்கள், சிங்கப்பூருக்குத் தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறவர்கள். வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, கண்ணில் தூக்கத்தோடு வந்து உட்கார்வார்கள். அவர்களில் ஒருவர் உலு திராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன். வயது நாற்பத்திரண்டு. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வகுப்பில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அவரை அண்ணே என்றார்கள். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் அதைப் பெயர் என்று எண்ணி அவர்களும் அண்ணே என்றார்கள். நானும் அண்ணே என்றேன். ஆனால் நான் சொல்லும்போது அது வேறு மாதிரி ஒலிக்கும். ஒலிக்கும்படிதான் சொன்னேன்.

அவர் முன்வரிசையில் உட்காருவார். எழுதுவதற்கு முன்பு பென்சிலைச் சீவி, தூளை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. பேனாவைத் தூக்கிப் பார்ப்பார், மேசையைப் பார்ப்பார், அப்புறம்தான் வாய் திறப்பார். எனக்கு அந்த இடைவெளி தாங்காது.

முதல் தேர்வில் அவர் வாங்கியது 23.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் மரம் நடத்தினேன். கணினிக்காரர்கள் மரத்தைத் தலைகீழாக வரைவோம். வேர் மேலே, கிளைகள் கீழே. ஒவ்வொரு கணுவிலும் ஓர் எண். அதற்குக் கீழே அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள். ஒரு கணுவைவிடச் சின்ன எண்கள் எல்லாம் அதன் இடது பக்கம் போக வேண்டும், பெரிய எண்கள் எல்லாம் வலது பக்கம். எங்கே நின்று பார்த்தாலும் இந்த ஒழுங்கு கெடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். இந்தச் சட்டம் இருப்பதால்தான் தேடுவது சுலபம். சின்னதா, இடது பக்கம் போ. பெரியதா, வலது பக்கம் போ.

ஏதோ ஒன்பது எண்களை எழுதியிருக்கலாம். எனக்கு அன்று குறும்பு பொங்கியது. தேர்வு மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து ஒன்பதைப் பலகையில் ஒவ்வொன்றாக ஏற்றினேன். 58, 34, 76, 23, 41, 69, 88, 47, 72. முதலில் வந்த 58 உச்சியில். அதன் இடது பக்கம் 34, வலது பக்கம் 76. 34க்குக் கீழே இடதில் 23, வலதில் 41. 41க்கு வலதில் 47. அந்தப் பக்கம் 76க்கு இடதில் 69, வலதில் 88. 69க்கு வலதில் 72. பெயர் எதுவும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. தாள்களை அப்போதுதான் திருப்பிக் கொடுத்திருந்தேன். யாருக்கு எவ்வளவு என்று வகுப்புக்கே தெரியும்.

"இப்ப டிலீட்," என்றேன், வகுப்பில் பேசும் ஆங்கிலத்தில். "மூணு வகை இருக்கு. முதல் வகை, இலை. கீழ பிள்ளையே இல்லாத கணு."

பலகையில் 23ஐ வட்டமிட்டேன்.

"இதை எடுக்கணும்னா என்ன செய்யணும்? ஒண்ணும் செய்ய வேணாம். மேல இருக்கிற 34கிட்டப் போய், உனக்கு இனிமே இடது பக்கம் யாரும் இல்லைனு சொல்லிட்டா முடிஞ்சது. யாரும் நகர வேணாம். யாருக்கும் எதுவும் ஆகாது. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். என்ன அண்ணே?"

டஸ்டரால் 23ஐத் துடைத்தேன். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். இல்லை, சிரிப்பதற்கு வேண்டிய அளவு உதட்டை அசைத்தார். பிறகு பென்சிலை எடுத்து, 23ஐ வட்டமிட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று பின்னால் போய்ப் பார்த்தேன். 'இலை. மேல் இணைப்பை மட்டும் வெட்டு' என்று எழுதியிருந்தார். சரியாக எழுதியிருந்தார்.

இரண்டாவது வகை, ஒரே பிள்ளை உள்ள கணு. 41ஐ எடுத்துக் காட்டினேன். அதற்குக் கீழே 47 மட்டும்தான். 41ஐ நீக்கினால் 47 அந்தரத்தில் தொங்கக் கூடாது. மேலே இருக்கும் 34 நேரடியாக 47ஐப் பிடித்துக்கொள்ள வேண்டும். 47 எப்படியும் 34ஐவிடப் பெரியதுதான், அதனால் வலது பக்கம் உட்கார்ந்தால் ஒழுங்கு கெடாது.

மூன்றாவது வகைதான் எல்லோரையும் வாட்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள கணு. அதை அப்படியே பிடுங்கினால் இரண்டு பிள்ளைகள் மிச்சம், மேலே இருப்பவருக்குக் கையோ ஒன்று. அதனால் கணுவைப் பிடுங்குவதில்லை. இடம் அப்படியே இருக்கும், அதில் உட்கார வேறோர் எண்ணைக் கொண்டு வருவோம். யார் வந்து உட்கார்ந்தால் ஒழுங்கு கெடாதோ அவரைத்தான் கொண்டு வர முடியும். வலது பக்கக் கூட்டத்திலேயே மிகச் சின்ன எண் வரலாம். பலகையில் 76ஐ எடுத்துக் காட்டினேன். அதன் வலது பக்கம் 88 ஒன்றுதான். 88ஐ 76இன் இடத்தில் எழுது, பழைய 88ஐ இலையாகக் கருதி வெட்டு, முடிந்தது. வலது பக்கம் போ, அங்கே போன பிறகு இடது இடதாக இறங்கு, இனி இறங்க முடியாது என்ற இடத்தில் இருப்பவரைத் தூக்கி வா. இதை மூன்று முறை சொல்ல வைத்து மனப்பாடம் ஆக்கினேன்.

இடது பக்கத்திலிருந்தும் கொண்டு வரலாம் என்று நான் சொல்லவில்லை. இடது கூட்டத்திலேயே மிகப் பெரிய எண்ணும் அந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தும். எனக்கு அது தெரியும். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தால் நாளடைவில் மரம் ஒரு பக்கமாகச் சாயும் என்றும் படித்திருக்கிறேன். ஆனால் இரண்டு வழி சொன்னால் குழம்புவார்கள், குழம்பினால் கேள்வி கேட்பார்கள், கேள்வி கேட்டால் நேரம் போகும். ஒரே வழி, ஒரே விடை. விடைத்தாள் திருத்தும்போது கண் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

இந்த நாட்டில் படித்தவர்களுக்கு ஸ்கீமா என்றால் விளக்க வேண்டியதில்லை. கேள்வித்தாள் போடும்போதே எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதி வைக்கும் தாள் அது. பள்ளியில் அதை ஊட்டித்தான் எங்களை வளர்த்தார்கள். லாபிசில் நான் படித்த பள்ளியில் ஸ்கீமாவில் உள்ள சொல்லுக்குப் பதில் அதே பொருளுள்ள இன்னொரு சொல்லை எழுதியதற்கு எனக்கு மதிப்பெண் போனது. அழுதேன். வளர்ந்து நானே ஸ்கீமா எழுதும் இடத்துக்கு வந்தபோது அந்த அழுகை ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாற்காலி எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதுதான் தெரிந்தது.

அந்தப் பருவம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவர் வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"மிஸ், ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணே. வீடு போய்ச் சேரணும் நான்."

"எங்க லைன வருஷக் கடைசில மூடுறாங்க மிஸ். மெஷின் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுது. எங்க மேனேஜர் சிஸ்டம் செக்‌ஷன்ல ஒரு இடம் எனக்காக வச்சிருக்காரு. டிப்ளோமா முடிச்சிருக்கணும்னு கண்டிஷன். எனக்கு இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிட் பண்றேன்னு சொல்லியிருக்காரு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம் மிஸ். எது முக்கியமா படிக்கணும்னு..."

"எல்லாம் முக்கியம்தான்," என்றேன். பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிக்கட்டில் இறங்கும்போது, சலுகை கேட்கிறார் பார் என்று மனதுக்குள் பொருமினேன். அவர் கேட்டது சலுகை இல்லை. எதைப் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவர் ஆசிரியரிடம் கேட்டார், அவ்வளவுதான்.

இறுதித் தேர்வுக்குக் கேள்வித்தாள் போடும் நேரத்தில் எனக்குச் சோம்பல். அதே ஒன்பது எண்கள், அதே மரத்தை அப்படியே போட்டேன். முதல் பகுதி, 23ஐ நீக்குக. இரண்டாம் பகுதி, 41ஐ நீக்குக. மூன்றாம் பகுதி, அதன் பிறகு 58ஐ நீக்கி, கிடைக்கும் மரத்தை வரைக. மூன்றாம் பகுதிக்கு ஆறு மதிப்பெண். எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று கேள்வியில் எழுதவில்லை. 23 அவருடைய மதிப்பெண் என்பது எழுதும்போது எனக்கு நினைவிருந்ததா என்று கேட்டால், இருந்தது. உதட்டோரம் ஒரு சிரிப்புகூட வந்தது.

ஸ்கீமாவில் ஒரே விடை. 58க்கு வலது பக்கம் போனால் 76, அங்கிருந்து இடது பக்கம் இறங்கினால் 69, அதற்கு மேல் இடது இல்லை. எனவே 69 உச்சிக்கு வர வேண்டும். 69க்கு வலதில் ஒரு பிள்ளை இருக்கிறது, 72. அது அநாதையாகிவிடக் கூடாது. 76இன் இடது பக்கத்தில் 72ஐ ஒட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் 69ஐ மேலே கொண்டு வந்துவிட்டு 72ஐ மறந்துவிடுவார்கள். பொறி அங்கேதான் வைத்திருந்தேன்.

அவர் விடைத்தாளில் உச்சியில் 47 இருந்தது. பார்த்ததும் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. பூஜ்யம். அடுத்த தாள். நின்று பார்க்கக்கூட இல்லை. எல்லாம் கூட்டியபோது அவருக்கு 46 வந்தது. ஐம்பது வாங்கினால்தான் தேர்ச்சி.

முடிவு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை மாணவர்கள் தங்கள் தாளைப் பார்க்கலாம் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். வகுப்பிலேயே கொடுப்போம், பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். அவர் தன் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் தூக்கிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அப்புறம் எழுந்து வந்தார்.

"மிஸ், இந்த மூணாவது... இது ஏன் தப்புனு தெரியல."

"69 வரணும். நீங்க 47 போட்டிருக்கீங்க."

"ஆமா மிஸ். இடது பக்கத்துல பெருசு 47தானே. அதுவும் உக்காரும்ல?"

அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் மறைத்து எழுதப் போவதில்லை. அவர் வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது. தாளை வாங்கி ஆறு மதிப்பெண் போட்டு, ஐம்பத்திரண்டு என்று மாற்றி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் வகுப்பு முழுவதும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. 23 வாங்கியவர் என்னைத் திருத்துவதை அவர்கள் பார்ப்பதா?

"அப்படியா? வாங்க, போர்டுல செஞ்சு காட்டுங்க," என்றேன். மார்க்கரை அவர் கையில் திணித்தேன். திணறட்டும் என்று நினைத்தேன்.

திணறவில்லை. நிதானமாக வரைந்தார். முதலில் என் விடை. உச்சியில் 69. இடதில் 34, அதன் வலதில் 47. வலதில் 76, அதன் கீழே 72, 88. பிறகு பக்கத்திலேயே அவர் விடை. உச்சியில் 47. இடதில் 34, அதற்குக் கீழே யாருமில்லை. வலதில் 76, அதன் கீழே 69, 88. 69க்கு வலதில் 72, பழையபடியே.

"மிஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி முதல்ல இடது, அப்புறம் கணு, அப்புறம் வலதுனு நடந்து பாத்தேன்," என்றார். ஒவ்வொரு மரத்துக்கும் கீழே, அந்த வரிசையில் நடந்தால் கிடைக்கும் எண்களை எழுதினார். 34, 47, 69, 72, 76, 88. இரண்டாவது மரத்துக்கும் 34, 47, 69, 72, 76, 88. ஒரே வரிசை, சின்னதிலிருந்து பெரியதுவரை. ஒழுங்கு எங்கும் கெடவில்லை.

"நான் சொல்லிக் குடுத்தது வலது பக்கம். நீங்க ஏன் இடது பக்கம் போனீங்க?"

"ரெண்டு பக்கமும் பாத்தேன் மிஸ். வலது பக்கம் 69 எடுத்தா, அது கீழ 72 தொங்குது. அதையும் கழட்டி 76ல மாட்டணும். இடது பக்கம் 47க்குக் கீழ ஒண்ணுமே இல்ல. வெட்டினா போதும்." மார்க்கர் நுனியால் 47ஐத் தொட்டுக் காட்டினார். "எங்க வேலைல அப்படித்தான் மிஸ். மெஷின் ரிப்பேர்னா வயர் கம்மியா கழட்டுற பக்கமா பாத்துத்தான் கை வைப்போம். கழட்டின வயரைத் திரும்ப மாட்டுறப்பதான் தப்பு நடக்கும்."

முன்வரிசையில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. இருவரும் தமிழில் பேசியது அவளுக்குப் புரியவில்லை, ஆனால் பலகை புரிந்தது. "பெத்துல் லா மிஸ்," என்றாள். "டுவா-டுவா சாமா." சரிதான், இரண்டும் ஒன்றுதான் என்கிறாள்.

"உன்னைக் கேட்டேனா?" என்று ஆங்கிலத்தில் அவளை ஒரே வெட்டு வெட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இவரிடம் திரும்பினேன். இவரைத் திட்டத் தமிழ்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எங்கே குத்தினால் வலிக்கும் என்று அதில்தான் எனக்குத் தெரியும்.

"அண்ணே, ஸ்கீமாவில 69. நான் நடத்தினது 69. இந்த வகுப்புல பாஸ் ஆன எல்லாரும் 69. உங்க பேக்டரி வயரை எல்லாம் இங்க கொண்டு வராதீங்க. இருபத்திமூணு வாங்கினவர் எனக்குப் பாடம் நடத்த வேணாம்."

"நடத்தல மிஸ். தப்பு இல்லைனுதான்..."

"அந்த 23ஐ வெட்டினப்ப மரத்துக்கு ஏதாவது ஆச்சா? ஆகலைல? போய் உக்காருங்க."

தமிழ் தெரிந்த நாலைந்து பேர் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்தும் டஸ்டரை எடுத்து அவர் மரத்தை மட்டும் துடைத்தேன். என் மரத்தை விட்டுவைத்தேன். அவர் மார்க்கரின் மூடியைச் சரியாக மூடி, பலகைக்குக் கீழே வைத்துவிட்டு, இடத்துக்குப் போகாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினார்.

அன்று மாலையே வீட்டில் மடிக்கணினியைத் திறந்து ஸ்கீமா கோப்பை எடுத்தேன். அடுத்த பருவத்துக்கான கோப்பு. இரண்டு பிள்ளைகள் உள்ள கணுவை நீக்கும் கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். 'இடது பக்கத்தின் மிகப் பெரிய எண்ணை எடுத்திருந்தாலும் முழு மதிப்பெண்.' சேமித்து மூடினேன். மனசு லேசானது போலக்கூட இருந்தது. ஒரு தவறைத் திருத்திவிட்டேன் அல்லவா? எல்லோருக்காகவும் திருத்தினேன், அவரைத் தவிர.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. அவர் மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்திருந்தார். எங்கள் சின்னக் கல்லூரியில் அந்தப் பாரம் சுற்றி வளைத்துத் திருத்தியவர் மேசைக்கே வந்து சேரும். காரணம் என்ற இடத்தில் பென்சிலில் மரம் வரைந்து, அதன் மேலே பேனாவால் அழுத்தியிருந்தார். இரண்டு மரமும், இரண்டு வரிசையும். ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் செய்தேன் என்று இன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

கீழே இரண்டு கட்டங்கள். மாற்றம் உண்டு. மாற்றம் இல்லை. நான் மாற்றினால் முந்தைய பருவங்களில் இதே மாதிரி எத்தனை பேரை வெட்டினேன் என்று யாராவது கேட்பார்கள் என்று யோசித்தேன். அது சாக்கு. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இங்கே யாருக்கும் அவ்வளவு அக்கறை கிடையாது. வகுப்புக்கு முன்னால் என் மூக்கு உடைந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் உண்மை. மாற்றம் இல்லை என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன்.

அவருக்காக வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போனதை அவருடைய தொழிற்சாலையில் வேலை செய்யும் இன்னொரு மாணவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். வருஷக் கடைசியில் லைனை மூடினார்கள். அவர் பார்சல் வேன் ஓட்டுகிறாராம். இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து எந்த வயரைத் தொட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்த கை, வீடு வீடாகப் பெட்டி இறக்குகிறது. "பாவம் மிஸ்," என்றான் அந்த மாணவன். "அப்படியா," என்றேன்.

புதிய பருவம் வந்தது, புதிய வகுப்பு. மரம் நடத்தும் நாளும் வந்தது. இந்த முறை இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் எடுப்பது என்று ஒரு பையன் கேட்டான்.

"ரெண்டும் சரி. ஆனா காகிதத்துல செய்யும்போது ரெண்டு பக்கத்தையும் எட்டிப் பாருங்க. எந்தப் பக்கம் கழட்டி மாட்டுற வேலை கம்மியோ அந்தப் பக்கம் போங்க. கழட்டினதைத் திரும்ப மாட்டும்போதுதான் தப்பு நடக்கும்."

எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். மிஸ் நன்றாகப் புரிய வைக்கிறார் என்று அந்தப் பருவத்தின் கருத்துப் படிவத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். அதை நான் இரண்டு முறை படித்தேன்.

அவர் மறுதேர்வுக்குப் பதிந்திருந்தார். மறுதேர்வு எழுதுபவர் வகுப்புக்கு வர வேண்டியதில்லை, தாள் மட்டும் எழுதினால் போதும். அதனால் நான் இரண்டு பக்கமும் நடத்தியது அவருக்குத் தெரியாது. தேர்வு நாளில் பார்சல் கம்பெனிச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதினார். பென்சில் சீவிய தூளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் தாள் கைக்கு வந்தபோது நேராக மரக் கேள்விக்குத்தான் போனேன். மரம் வேறு, எண்கள் வேறு. மூன்றாம் பகுதி இரண்டு பிள்ளைகள் உள்ள கணு. வலது பக்கம் போய், இடது இடதாக இறங்கி, மிகச் சின்ன எண்ணை எடுத்து, அதன் பிள்ளையை மறக்காமல் மேலே ஒட்டி, அச்சடித்தது போல வரைந்திருந்தார். ஒரு தப்பும் இல்லை. முழு மதிப்பெண்.

திருப்பப் போனவள் நிறுத்தினேன். அந்த மரத்துக்கு அடியில் காகிதம் பள்ளம் பள்ளமாக இருந்தது. சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பென்சிலால் முதலில் வேறொரு மரம் வரைந்து அழித்திருக்கிறார். ரப்பர் போட்டுத் தேய்த்தும் அழுத்தம் போகவில்லை. உச்சியில் இருந்த எண்ணைப் படிக்க முடிந்தது. இடது பக்கத்தின் மிகப் பெரிய எண். இந்த மரத்திலும் அந்தப் பக்கம்தான் கழட்டும் வேலை கம்மி. சரியாகத்தான் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, என்னை நினைத்துக்கொண்டு அழித்திருக்கிறார். அவர் அழித்த விடைக்கும் என் புதிய ஸ்கீமாவில் முழு மதிப்பெண்.

முடிவுத் தாள் வாங்க அவர் வந்த நாளில் நான் அலுவலக முகப்பில் நின்றுகொண்டிருந்தேன். தற்செயல்தான். எனக்குத் தெரிந்திருந்தால் கழிவறைக்குள் போய் நின்றிருப்பேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"பாஸ் ஆயிட்டேன் மிஸ்."

"பாத்தேன். நல்லது."

"இந்தத் தடவ உங்க பக்கமே போயிட்டேன்." சிரித்தார். இந்த முறை உண்மையான சிரிப்பு. கோபம், குத்தல் எதுவும் அதில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன். பிறகு வழக்கம் போலக் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "முதல்ல பழக்கதோஷத்துல அந்தப் பக்கம் போட்டுட்டேன் மிஸ். அப்புறம் அழிச்சிட்டேன். அப்படியே விட்டிருந்தா மறுபடி போயிருக்கும்ல?"

அவருக்கு இனிமேல் இதனால் வேலை வரப் போவதில்லை. அந்த லைன் இல்லை, அந்த இடம் இல்லை. நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போது ஏன் மிஸ் என்று வரும்.

"ஆமா அண்ணே," என்றேன். "போயிருக்கும்."

நல்ல வேளை என்பது போலத் தலையாட்டினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேங்க்ஸ் மிஸ் என்று சொல்லிவிட்டு, வேனை டயர் கடைக்கு முன்னால் நிறுத்தியிருப்பதாகக் கூறிப் படியிறங்கிப் போனார்.